704 கிராம் எங்கிருந்து வந்தது?

காலபோக வெட்டு முடிந்து கணக்கு முடிக்கும் நேரம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் கொள்வனவு நிலையத்துக்கு நான்தான் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். லொறி வந்தால் நிறை, விவசாயியின் பெயர், ஈரப்பதம் எல்லாம் அதில் பதிவாகும், பின்னேரம் அன்றைய மொத்தம் வரும், போகம் முடிந்ததும் போகத்தின் மொத்தம் வரும். தினமும் வந்த மொத்தம் எல்லாம் சரியாக இருந்தது, விவசாயிகளுக்குக் கொடுத்த காசும் ஒரு சதம் பிசகாமல் சரி. கடைசி நாள் நெல்லின் போக மொத்தத்தை அடித்துப் பார்த்தபோது மட்டும் வந்தது 1,823,492.704 கிலோ, அதாவது 1,823 தொன். ஆனால் ஆலைகளுக்கு ஏற்றி அனுப்பியதே அதற்குள் ஐயாயிரம் தொன்னைத் தாண்டியிருந்தது.

வந்த நெல்லை விட வெளியே போன நெல் கூட என்றால் முதலில் சந்தேகம் விழுவது ஆட்கள் மேல். பதிவு போடும் தம்பி ரசீதுகளை அழித்துவிட்டானோ என்ற பேச்சு வந்துவிட்டது. அந்தப் பெடியன் இரண்டு நாள் சாப்பாடு தண்ணி இல்லாமல் ரசீதுக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டு இருந்தான். ஒரு ரசீதுகூடக் குறையவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் தராசடியில் இருபது வருஷத்துக்கு மேல் நிற்கும் ஒரு அண்ணை. அவருக்குப் புரோகிராம் பற்றி ஒன்றும் தெரியாது, தராசு தெரியும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எங்கட தராசு பத்துக் கிலோவுக்குக் கீழ காட்டாது. எல்லா லொறியும் முழுப் பத்தில தான் வரும். பிறகு எப்பிடி மொத்தத்தில 704 கிராம் வந்தது?"

லொறியோடு சேர்த்து நிறுக்கும் பெரிய தராசு 9,540, 9,550, 9,560 என்றுதான் காட்டும். பத்தின் மடங்குகளை எத்தனை தரம் கூட்டினாலும் 704 கிராம் பிறக்காது. அப்படியானால் ரசீது தொலையவில்லை, கூட்டல்தான் பிழைத்திருக்கிறது. இதைப் பதிவு போட்ட தம்பியிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்தேன், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரி, எப்படிப் பிழைத்தது? நிலையத்தில் நெல் மட்டுமல்ல, உழுந்தும் பயறும் கச்சானும் வாங்குவார்கள், அவை மேசைத் தராசில் கிராம் கணக்கில் வரும். தசமப் புள்ளியோடு கூட்டினால் சின்னச் சின்ன வழுக்கள் சேரும் என்று நினைத்து எல்லா நிறையையும் கிராமிலேயே முழு எண்ணாக வைத்தேன். அந்த முடிவு சரியானதுதான், இன்றைக்கும் அப்படியே செய்வேன். பிழை விட்ட இடம் மொத்தத்தை வைத்த பெட்டி.

```java
int total = 0;
for (Load l : loads) {
    total += l.grams;
}
```

ஜாவாவில் `int` என்பது 32 பிட். அதில் இருக்கக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. இருநூற்றுப் பதினான்கு கோடி என்று கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் கிராமில் அது 2,147 தொன் மட்டுமே. பத்துத் தொன் லொறி என்றால் 214 லொறிக்கு இடம் உண்டு, 215 ஆவதற்கு இல்லை. அதற்கு முந்தைய போகத்தில் நிலையத்துக்கு வந்தது ஏறக்குறைய 1,900 தொன், அதனால்தான் அந்த வருஷம் ஒன்றும் தெரியவில்லை. இந்த முறை 640 லொறி வந்தது.

215 ஆவது லொறியில் புரோகிராம் நின்றிருந்தால் பரவாயில்லை. ஜாவா நிற்காது, ஒரு எச்சரிக்கையும் தராது, எண்ணைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். 32 பிட்டில் இதைப் பார்ப்பது கண்ணுக்குக் கஷ்டம், 8 பிட் பெட்டியை வைத்துப் பார்ப்போம். அதில் மொத்தம் 256 எண்கள், −128 முதல் 127 வரை. 127க்குப் பிறகு ஒன்று கூட்டினால் −128. இப்போது ஒவ்வொரு தரமும் 50 கூட்டிக்கொண்டு போனால் 50, 100 வரை சரி. அடுத்தது 150 வரவேண்டும், இடமில்லை, அதனால் 256 கழிந்து −106. அடுத்தது −56, அதற்கடுத்து −6. ஆறாவது தரம் கூட்டியதும் 44.

இந்த 44ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வந்திருக்க வேண்டியது 300. அந்த 44இல் கழித்தல் குறியும் இல்லை, பார்த்தால் சாதாரணமான எண் மாதிரியே இருக்கிறது. நிறையப் பேர் நினைப்பது என்னவென்றால், எண் வழிந்தால் மொத்தம் கழித்தலில் வரும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று. கழித்தலில் வந்தால் அது அதிர்ஷ்டம். இன்னும் கொஞ்சம் கூட்டினால் திரும்பவும் பூச்சியத்தைத் தாண்டி மேலே வந்துவிடும், அதன் பிறகு நம்பக்கூடிய முகத்தோடு ஒரு பொய் எண் நிற்கும். எங்கள் கணக்கில் 2,147 தொன்னுக்கும் 4,294 தொன்னுக்கும் இடையில் மொத்தம் கழித்தலில்தான் இருந்திருக்கும், ஆனால் அந்த நாட்களில் போக மொத்தத்தை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. கடைசி நாள் பார்த்தபோது அது மேலே வந்துவிட்டது.

பிழை இதுதானா என்று உறுதிப்படுத்த ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் கழிவது 2இன் 32 ஆம் அடுக்கு, அதாவது 4,294,967,296. எனவே உண்மையான மொத்தத்துக்கும் காட்டிய மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த எண்ணாகவோ இதன் மடங்காகவோ இருக்கவேண்டும். ரசீதுகளைக் கையால் கூட்டியபோது வந்தது 6,118,460 கிலோ.

```
6118460000 - 1823492704 = 4294967296
```

ஒரு கிராம் கூடப் பிசகவில்லை. அண்ணை பிடித்த 704 எங்கிருந்து வந்தது என்பதும் இதில் தெரிகிறது: ஆயிரத்திலிருந்து 296ஐக் கழித்தால் 704. இரண்டு சுற்றுப் போயிருந்தால் கடைசியில் 408 நின்றிருக்கும். எண்ணிக்கைகளோடு வேலை செய்கிற ஒருவர் 4,294,967,296 என்ற எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கலாம், எங்காவது இரண்டு மொத்தங்களுக்கு இடையில் அந்த வித்தியாசம் வந்தால் வேறு எங்கும் தேடவேண்டாம்.

காரணம் பிடிபட்டதும் திருத்துவது ஒரு நிமிஷ வேலை என்று நினைத்தேன். பதிவில் இருந்த `grams` என்பதை `long` ஆக மாற்றினேன், `long` என்பது 64 பிட். திரும்ப ஓட்டினேன். அதே 1,823,492.704. புரோகிராம் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடியது, விடை மட்டும் மாறவே இல்லை. `total` இன்னும் `int` ஆகவே இருந்தது, அதை மாற்ற மறந்துவிட்டேன். `total = total + l.grams` என்று எழுதியிருந்தால் ஜாவா மொழிபெயர்ப்பியே "பெரிய பெட்டியிலிருந்து சின்னப் பெட்டிக்குள் போடுகிறாய்" என்று மறித்திருக்கும். `+=` என்று எழுதினால் அது மறிக்காது, உள்ளுக்குள் தானாகவே வெட்டிச் சின்னதாக்கி `int` இல் போட்டுவிடும், அது அந்த மொழியின் விதி. பழைய புரோகிராம்களைத் திருத்துகிறவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

இரண்டாவது பொறி பெருக்கலில் இருக்கிறது. வெறும் மூடை எண்ணிக்கையை வைத்து உத்தேசக் கணக்குப் போடும் இடம் ஒன்றும் புரோகிராமில் இருந்தது. 45,000 மூடை, மூடைக்கு 50 கிலோ.

```java
int moodai = 45000;
int gram = 50000;
long a = moodai * gram;          // -2044967296
long b = (long) moodai * gram;   // 2250000000
```

`a` என்பது 64 பிட் பெட்டிதானே, பிறகு ஏன் பிழைத்தது? கணக்கு நடப்பது பெட்டியில் போடுவதற்கு முன்னால். இரண்டு பக்கமும் `int` என்றால் பெருக்கலும் `int` இலேயே நடக்கும், அங்கேயே வழிந்துவிடும், வழிந்துபோன விடையைத்தான் பிறகு பெரிய பெட்டிக்குள் பத்திரமாக வைக்கிறோம். பெருக்குவதற்கு முன்பே ஒரு பக்கத்தையாவது `long` ஆக்கவேண்டும். `(long)(moodai * gram)` என்று அடைப்புக்குறி போட்டு எழுதினாலும் பயனில்லை, அதுவும் பெருக்கிய பிறகுதான் மாற்றுகிறது.

இந்த இடத்தில் சிலர் சொல்லும் யோசனை, `float` இல் வைத்துவிட்டால் எவ்வளவு பெரிய எண்ணும் போகுமே என்பது. போகும், ஆனால் துல்லியம் போய்விடும். 32 பிட் `float` முழு எண்களை ஒன்றும் தவறாமல் வைத்திருப்பது 16,777,216 வரை மட்டும். மொத்தத்தைக் கிலோவில் வைத்தால் 16,777 தொன்னுக்குப் பிறகு ஒரு கிலோவைக் கூட்டினால் மொத்தம் அசையாது. ஒரு கிலோ ஒரு கிலோவாக ஆயிரம் தரம் கூட்டினாலும் அதே எண்ணில்தான் நிற்கும். வழிவதாவது சில வேளை கழித்தல் குறியோடு பிடிபடும், இது பிடிபடவே மாட்டாது, அதனால் எண்ணிக்கைக்கு `float` வேண்டாம் என்பதில் நான் உறுதி. 64 பிட் `double` இல் அந்த எல்லை 9,007,199,254,740,992, ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண்களும் இதே வகைதான். கிராம் கணக்குக்கு அது தாராளம்.

64 பிட் `long` எவ்வளவு கொள்ளும்? ஏறக்குறைய 9.22ஐப் பத்தின் 18 ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு. உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் விளையும் நெல் சுமார் 80 கோடி தொன், அதைக் கிராமாக்கிக் கூட்டிக்கொண்டே போனால் நிரம்ப பதினோராயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். வெறும் கூட்டலுக்கு இது போதும். ஆனால் லொறிக்கு லொறி நிறை எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வர்க்கங்களைக் கூட்டினால் கதை வேறு: ஒரு கோடி கிராமின் வர்க்கம் பத்தின் 14 ஆம் அடுக்கு, 92,000 லொறி சொச்சத்தில் `long` கூட நிரம்பிவிடும். அந்த இடத்தில் `BigInteger` எடுக்கலாம், அல்லது நிறையைத் தொன்னாக்கி `double` இல் வைத்து வர்க்கம் போடலாம், விலகல் கணக்குக்குக் கிராம் துல்லியம் தேவையில்லை.

பெட்டியைப் பெரிதாக்கியதோடு நான் நிறுத்தவில்லை. இன்னொரு நாள் இன்னொருவர் இதைத் திருத்தும்போது திரும்பவும் யாரோ ஒரு தம்பி மேல் சந்தேகம் விழக்கூடாது. ஜாவா 8இலிருந்து `Math.addExact`, `Math.multiplyExact` என்று இரண்டு இருக்கின்றன. விடை கொள்ளாவிட்டால் பொய் எண்ணைத் தராமல் `ArithmeticException` என்று கத்திக்கொண்டு நின்றுவிடும்.

```java
long total = 0;
for (Load l : loads) {
    total = Math.addExact(total, l.grams);
}
```

சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை. குறியுள்ள எண் வழிந்தால் என்ன நடக்கும் என்று அந்த மொழியின் வரையறை சொல்வதே இல்லை. அதனால் `if (total + x < total)` என்று கூட்டிய பிறகு சோதித்தால், "கூட்டினால் குறையாதே" என்று எடுத்துக்கொண்டு மொழிபெயர்ப்பி அந்தச் சோதனையையே தூக்கிவிட இடமுண்டு. கூட்டுவதற்கு முன்னால், கழித்தலால் கேட்கவேண்டும்: இரண்டும் பூச்சியம் அல்லது அதற்கு மேல் என்றால் `if (x > INT_MAX - total)`. ஜிசிசி மொழிபெயர்ப்பியில் இதற்கென்றே `__builtin_add_overflow` இருக்கிறது.

பைத்தனில் எண் தேவைக்கேற்பத் தானாகவே நீளும், அங்கே இந்தக் கவலை இல்லை. ஆனால் அதன் எண்கணக்கு நூலகமான நம்பையில் போட்டுக் கூட்டினால் திரும்பவும் நிலையான பெட்டிகள்தான். நம்பை 2.0 வரும் வரைக்கும் விண்டோஸில் அதன் வழமையான முழு எண் 32 பிட், லினக்ஸில் 64 பிட். ஒரே புரோகிராம் ஒருவருடைய மடிக்கணினியில் சரியாகவும் மற்றவருடையதில் பிழையாகவும் வந்ததற்குக் காரணம் அதுதான். `np.sum(a, dtype=np.int64)` என்று கேட்டுவிட்டால் இரண்டிலும் ஒன்றே.

கூட்டல் சரியாகி, தரவுத்தளத்தில் போக மொத்தத்தைப் போடும் கட்டம் `INT` ஆகவே இருந்தால் அங்கே இன்னொரு முறை அடிபடும். மைஎஸ்கியூஎல்லில் கண்டிப்பு முறை இயங்காமல் இருந்தால் பெரிய எண்ணை அது 2147483647 என்று வெட்டிப் போட்டுவிட்டு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். எனவே ஏதாவது அறிக்கையில் சரியாக 2,147,483,647 என்று கண்டால் அது நிறுத்த நெல்லின் எண் அல்ல, பெட்டியின் விளிம்பு. கட்டத்தை `BIGINT` ஆக்கவேண்டும்.

லட்சக்கணக்கான தொன் கூட்டுகிறவர்களுக்குத்தான் இது என்றும் நினைக்கவேண்டாம், அலகு சின்னதாக இருந்தால் எண் பெரிதாகிவிடும். 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்கள் பற்றி ஒரு உத்தரவு போட்டது, 248 நாள் தொடர்ந்து மின்னில் இருந்தால் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகுக்குள் உள்ள ஒரு எண்ணி வழிந்துவிடும் என்று. விநாடியின் நூறில் ஒரு பங்கை அலகாக வைத்து 2,147,483,647 வரை எண்ணிப் பாருங்கள், 248 நாளும் சொச்சமும் வரும்.

எங்கள் பக்கத்திலேயே இதை விடச் சின்னப் பெட்டிகள் ஓடுகின்றன. மிளகாய்த் தோட்டத்துக்குச் சொட்டு நீர் போடும் இடத்தில் ஓடும் தண்ணீரை அளக்க YF-S201 என்ற மலிவான உணரியை ஆர்டுயினோ ஊனோவில் பூட்டுகிறார்கள். ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 450 துடிப்பு வரும். ஊனோவில் `int` 16 பிட் மட்டுமே, உச்சம் 32,767, அதாவது 72 லீற்றர். இரண்டு வாளி நிரப்பிப் பரிசோதித்தால் சரியாக இருக்கும், தோட்டத்தில் பூட்டி ஒரு பீப்பாய்த் தண்ணீர் ஓடுவதற்குள் கழித்தலில் போய்விடும், பிழை உணரியில் என்று நினைத்துப் புது உணரி வாங்குவார்கள். இங்கே வழி, துடிப்பை வாழ்நாள் முழுக்க ஒரே எண்ணாகக் கூட்டாமல் லீற்றரையும் மீதித் துடிப்பையும் தனித்தனியே வைப்பது.

```cpp
pulses += newPulses;
while (pulses >= 450) {
    pulses -= 450;
    litres++;
}
```

`newPulses` ஒவ்வொரு விநாடியும் எடுத்துப் பூச்சியமாக்கப்படுவது, `litres` ஒரு `unsigned long`. நிமிஷத்துக்கு 30 லீற்றர், அந்த உணரியின் உச்ச வேகம், இரவு பகலாக ஓடினாலும் அது நிரம்ப 270 வருஷம் போகும். சின்னக் காசைப் பெரிய நோட்டாக மாற்றி வைப்பது போலத்தான், பெரிய பெட்டி கிடைக்காத இடத்தில் இதுதான் கைகொடுக்கும்.

பரிசோதனை பற்றி ஒன்று. இருபது லொறியைப் போட்டுப் பார்த்துவிட்டு "வேலை செய்கிறது" என்று கொடுத்ததுதான் நான் விட்ட பிழை. இப்போது மொத்தத்தைப் பூச்சியத்தில் தொடங்காமல் 2,147,000,000இல் தொடங்கி ஒரேயொரு லொறியைக் கூட்டிப் பார்க்கிறேன், போகம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அறிக்கையின் அடியில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: தினசரி மொத்தங்களை வேறாகக் கிலோவில் கூட்டிய தொகை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தாள் அச்சாகாது.

எல்லாம் திருத்திய பிறகு அந்தப் போகத்து ரசீதுகள் 640ஐயும் திரும்ப ஏற்றி ஓட்டினோம். 6,118,460.000 என்று வந்தது. அண்ணை முன்னால் இருந்த அறுபத்தொரு லட்சத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புள்ளிக்குப் பின்னால் இருந்த மூன்று பூச்சியத்தையும்தான் பார்த்தார், பிறகு தாளைப் பதிவு போடும் தம்பியின் கையில் கொடுத்தார்.